பொட்டு என்ற மின்மினியின் கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியை அடுத்த ஓர் ஊரில் பல ஆண்டுகள் பாலர் வகுப்பு நடத்தியவள் நான். இருட்டுக்கு அஞ்சும் கூச்ச மின்மினி ஒன்றின் கதையை அங்கே ஐந்து வயதுப் பிள்ளைகளுக்காகக் கட்டிச் சொன்னேன். கேட்ட பிள்ளைகள் அதே கதையை இரவில் வீட்டிலும் கேட்கத் தொடங்கியதால், தாய்மார்களும் அப்பத்தாக்களும் ஒரே ஐயங்களோடு வந்துகொண்டிருந்தார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆச்சி, அந்தக் கதைதான் என்ன? எங்கள் வீட்டுப் பிள்ளை பாதி சொல்லிவிட்டு ஓடிவிடுகிறாள்.

பொட்டு என்பது ஒரு மின்மினி. மற்ற மின்மினிகள் இருட்டில் பறக்கும்போது அது மட்டும் போகாமல், ஒரு வீட்டு முகப்பில் எரியும் பல்புக்கு அருகே ஒளிந்துகொள்கிறது. ஒருநாள் மின்சாரம் நின்றுபோகிறது. அந்த வீட்டில் தூக்கம் வராமல் படுத்திருக்கும் உமையாள் என்ற சிறுமிக்கும் பொட்டுக்கும் இடையே, ஒரு வார்த்தை கூடப் பேசாமல், எண்ணிக்கை வழியாக ஒரு தோழமை உண்டாகிறது. அவ்வளவுதான் கதை. பூதமோ திருடனோ சண்டையோ இதில் இல்லை.

பெயருக்கு ஒரு காரணம் உண்டு. “ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை” என்று நாம் சொல்வோம் அல்லவா, அந்தப் பொட்டுதான் இது.

அப்படியே சொல்லிக்காட்டுங்கள், எழுதிக்கொள்கிறேன்.

ஊருணிக் கரையில் கோரைப் புல் இருந்தது. கோரைப் புல்லுக்குள் ஒரு மின்மினி இருந்தது. அதன் பெயர் பொட்டு. பொழுது சாய்ந்ததும் மற்ற மின்மினிகள் எல்லாம் எழும்பும். மினுக்கும், அணையும். மினுக்கும், அணையும். “பொட்டு, வர்றியா?” என்று கேட்கும். பொட்டு, “நாளைக்கு” என்று சொல்லும். மறுநாளும் வந்து கேட்கும். பொட்டு மறுநாளும் “நாளைக்கு” என்றே சொல்லும். இருட்டு எவ்வளவு பெரியது! அதில் மினுக்கினால் எல்லோரும் பார்ப்பார்களே! பொட்டு மெல்லப் பறந்து, வேலியைத் தாண்டி, ஒரு பெரிய வீட்டு முகப்புக்குப் போனது. அங்கே ஒரு பல்பு எரிந்தது. பல்புக்குப் பக்கத்தில் பொட்டு மினுக்கினாலும் தெரியாது, மினுக்காவிட்டாலும் தெரியாது. பொட்டுக்கு அது பிடித்திருந்தது. தினமும் அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டது.

ஒருநாள் மழை பெய்து ஓய்ந்தது. டப்! கரண்டு போய்விட்டது. பல்பு இல்லை. முகப்பு இல்லை. தூண் இல்லை. எல்லாம் இருட்டு. பொட்டு தட்டுத் தடுமாறி வளவுக்குள் போய், ஒரு தூணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது. அங்கே பாயில் அப்பத்தா தூங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உமையாள் படுத்திருந்தாள். அவள் தூங்கவில்லை. போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொட்டும் தூணுக்குப் பின்னாலிருந்து இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. பயத்தில் பொட்டு தன்னை அறியாமல் ஒரே ஒரு தடவை மினுக்கிவிட்டது. அடடா! பார்த்துவிட்டார்களா? உமையாள் பார்த்துவிட்டாள். ஆனால் அவள் கத்தவில்லை, சிரிக்கவில்லை, கிட்டே வரவும் இல்லை. மெதுவாக, “ஒண்ணு” என்று சொன்னாள்.

பொட்டு யோசித்தது. கொஞ்ச நேரம் கழித்து, மினுக். “ரெண்டு” என்றாள் உமையாள். மினுக். “மூணு.” அப்போது முற்றத்துக்கு மேலே, கம்பி வலைக்கு அந்தப் பக்கம், வானத்தில் ஒரு மினுக். “நாலு” என்றாள் உமையாள். அது பொட்டு இல்லை, பொட்டின் தோழன். பொட்டு தூணை விட்டு மேலே எழும்பியது. மினுக். “அஞ்சு.” இருட்டு அப்படியே இருந்தது. பொட்டு கம்பி வலை வழியாக நுழைந்து முற்றத்துக்கு மேலே போனது. மினுக். “ஆறு.” ஊருணிப் பக்கமாகப் போனது. தூரத்தில், மினுக். “ஏழு” என்றாள் உமையாள். எட்டு சொல்லவில்லை.

உடம்பிலேயே விளக்கு வைத்திருக்கும் மின்மினிக்கு இருட்டு ஏன் பயம் என்று மகன் மடக்குகிறான். என்ன சொல்ல?

உங்கள் மகன் கதையின் ஆணிவேரைப் பிடித்துவிட்டான். மின்மினியின் ஒளி நம் கையிலிருக்கும் டார்ச்சு போன்றதன்று. அது வழி பார்ப்பதற்காக எரிவதில்லை, பிறர் தன்னைப் பார்ப்பதற்காக எரிகிறது. மின்மினிக்கு ஒளி என்பது குரல். ஆகவே இருட்டில் மினுக்குவது, பலர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறந்து பேசுவதற்குச் சமம். பொட்டுக்குக் கூச்சம் ஒன்று, இருட்டுப் பயம் இன்னொன்று என்று இரண்டு குறைகள் இல்லை. இருட்டில்தான் தன் ஒளி எல்லோருக்கும் தெரியும் என்பதால், கூச்சமே அங்கே இருட்டுப் பயமாக வந்து நிற்கிறது. பல்புக்கு அருகே அதற்கு நிம்மதியாக இருப்பதும் இதனால்தான். அங்கே அது யார் கண்ணிலும் படாது.

பிள்ளையிடம் இவ்வளவும் விளக்க வேண்டியதில்லை. “பொட்டுக்கு விளக்கு இருக்கு, ஆனா எல்லாரும் பாக்குறாங்களேன்னு வெக்கம்” என்றால் போதும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது எளிதாகப் புரிந்துவிடுகிறது. ஆண்டு விழா மேடையில் ஏறி நின்று பாட்டை மறந்த அனுபவம் அதற்கும் இருக்கும்.

எத்தனை நிமிடம் சொல்ல வேண்டும்? நான் சொன்னால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

எட்டு நிமிடம் போதுமானது, பத்தைத் தாண்ட வேண்டாம். மூன்று நிமிடத்தில் முடிகிறது என்றால் நீங்கள் எண்ணிக்கைப் பகுதியை ஓட்டமாகச் சொல்கிறீர்கள் என்று பொருள். முதல் பகுதியைப் பேச்சு வேகத்தில் சொல்லுங்கள். “டப்” என்ற இடத்தில் குரலை உயர்த்தாமல் தாழ்த்துங்கள். பலர் அங்கே கையைத் தட்டி ஓசை எழுப்புகிறார்கள், பிள்ளை துள்ளி எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. “ஒண்ணு” தொடங்கியதும் ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவே நீங்கள் ஒருமுறை மூச்சை இழுத்து மெதுவாக விடும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். ஏழை நெருங்க நெருங்க அந்த இடைவெளி இரண்டு மூச்சாகட்டும்.

பிள்ளையின் முதுகில் உங்கள் கை இருந்தால், “மினுக்” என்னும்போது ஒரு விரலால் மெல்லத் தொடுங்கள். நான்காவது, ஐந்தாவது எண்ணுக்குள் அதன் மூச்சு உங்கள் மூச்சோடு சேர்ந்து நீளுவது கைக்குத் தெரியும். அது தெரியவில்லை என்றால் கதை இன்னும் வேகமாகப் போகிறது. பிள்ளையை எண்ணச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். உமையாளுக்காக நீங்கள் எண்ணுங்கள், அது தானாகச் சேர்ந்துகொண்டால் சேரட்டும்.

கரண்டு போவதைப் படுக்கும் நேரத்தில் சொன்னால் பயம் கூடிவிடாதா? அந்தக் கட்டத்தை நான் விட்டுவிடுகிறேன்.

விட்டுவிட்டால் கதையே இல்லாமல் போய்விடும். இருட்டே வராத கதையில் இருட்டைப் பற்றிப் பிள்ளைக்குச் சொல்ல நமக்கு என்ன இருக்கிறது? நம் ஊரில் மழைக்காலத்தில் மின்சாரம் நிற்பது பிள்ளைகள் அறிந்த செய்திதான். அறியாத காட்டையோ குகையையோ கொண்டுவந்து பயமுறுத்துவதைவிட, அறிந்த இருட்டைச் சொந்த வளவுக்குள் கொண்டுவருவது மென்மையான வழி. பக்கத்தில் அப்பத்தா தூங்குகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். அந்த ஒரு வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட வேண்டாம். பயத்தின் நடுவில், கையெட்டும் தொலைவில் ஒரு பெரியவர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார் என்பது பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

முடிவில் கரண்டு திரும்பி வந்தால் மகிழ்ச்சியாக இருக்குமே?

முதலில் நானும் அப்படித்தான் கட்டினேன். எட்டு என்றதும் பல்பு எரியும், எல்லா மின்மினிகளும் கூடிக் கைதட்டும். வகுப்பில் மதியம் பிள்ளைகளைப் படுக்கவைத்துச் சொன்னபோது, எல்லாப் பிள்ளைகளும் எழுந்து உட்கார்ந்து கைதட்டினார்கள். அன்றைக்கு யாரும் தூங்கவில்லை. அதைவிடப் பெரிய தவறு, வெளிச்சம் வந்ததால் பயம் போயிற்று என்று கதை சொல்லிவிட்டது. அப்படியானால் வெளிச்சம் வராத இரவில் பிள்ளை என்ன செய்யும்?

அதனால்தான் “இருட்டு அப்படியே இருந்தது” என்ற வரி இப்போது இருக்கிறது. இருட்டு மாறவில்லை. பொட்டு அதற்குள் போய்வரக் கற்றுக்கொண்டது, அவ்வளவே. எண்ணிக்கை தூரம் போகப் போக மங்குவதும், எட்டு வராமல் நிற்பதும் தூக்கம் வரும் விதத்தை ஒத்திருக்கின்றன. உமையாள் தூங்கிவிட்டாள் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். எட்டு வராததிலிருந்து பிள்ளையே அதைக் கண்டுபிடிக்கட்டும்.

“இருட்டில் ஒன்றுமே இல்லை, பயப்படாதே” என்று அப்பத்தா எழுந்து சொல்வதுபோல் ஒரு வரி சேர்க்கட்டுமா?

வேண்டாம். அது உண்மையும் இல்லை. இருட்டில் மரநாய் ஓட்டின் மேல் ஓடுகிறது, தேக்கு உத்தரம் இரவுக் குளிரில் சுருங்கிச் சடசடக்கிறது, வாளியில் தண்ணீர் சொட்டுகிறது. பிள்ளையின் காதில் இவையெல்லாம் விழுகின்றன. ஒன்றுமே இல்லை என்றால் நம் பேச்சைத்தான் அது நம்பாமல் போகும். ஓசை கேட்டால், “அது உத்தரம்” என்று பெயர் சொல்லுங்கள். பெயர் தெரிந்த ஓசைக்குப் பிள்ளைகள் அவ்வளவாக அஞ்சுவதில்லை.

“பயப்படாதே” என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. கதையில் பொட்டிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பொட்டு கடைசி வரை பயந்துகொண்டேதான் மினுக்குகிறது.

என் மகள் யாரிடமும் பேசமாட்டாள். “பொட்டு மாதிரி நீயும் தைரியமாகப் பேச வேண்டும்” என்று கதை முடிந்ததும் சொல்லலாமா?

சொன்னால் அன்றோடு அந்தக் கதை உங்கள் வீட்டில் முடிந்துபோகும். கதையின் தொடக்க வடிவில் மற்ற மின்மினிகள் பொட்டைப் பார்த்துச் சிரிப்பதாக ஓர் இடம் இருந்தது. அதைக் கேட்ட பெண் குழந்தை ஒருத்தி, அதற்கடுத்து நான் பொட்டு என்று தொடங்கினாலே காதைப் பொத்திக்கொள்வாள். அவளும் யாரிடமும் பேசாதவள். அன்றைக்கே அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டேன். இப்போது தோழர்கள் “வர்றியா?” என்று மட்டும் கேட்கிறார்கள், “நாளைக்கு” என்றால் போய்விடுகிறார்கள். மறுநாளும் கேட்கிறார்கள். கூச்சமுள்ள பிள்ளைக்கு வேண்டியது அந்த இரண்டும்தான்: மறுக்க இடம் இருக்க வேண்டும், மறுத்த பிறகும் அழைப்பு வர வேண்டும்.

உமையாள் என்ன செய்தாள் என்பதையும் பாருங்கள். கிட்டே போகவில்லை, “அட, எவ்வளவு அழகு!” என்று சொல்லவில்லை. பார்த்தேன் என்பதற்கு அடையாளமாக ஓர் எண்ணைச் சொன்னாள். உங்கள் மகள் விருந்தாளி முன்னால் ஒரு சொல் பேசினால் நீங்களும் அந்த அளவோடு நின்றுகொள்ளுங்கள்.

மின்மினி உண்மையில் எப்படி ஒளிர்கிறது? தொட்டால் சுடுமா?

சுடாது. மின்மினி ஒரு வண்டு வகை. அதன் வயிற்றின் நுனிப் பகுதியில் லூசிபெரின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. அது லூசிபெரேஸ் என்ற நொதியின் உதவியோடு ஆக்சிஜனுடன் சேரும்போது ஒளி பிறக்கிறது. பழைய குண்டு பல்பில் போகும் மின்சாரத்தின் பெரும்பகுதி சூடாக வீணாகும்; இதிலோ சூடு என்று சொல்லும்படி எதுவும் வெளிப்படுவதில்லை, அதனால் இதைக் குளிர்ந்த ஒளி என்பார்கள். பிள்ளைக்கு, “வயித்து நுனியில பச்சை வெளிச்சம், சுடவே சுடாது” என்றால் போதும்.

பல வகைகளில் பறந்தபடி மினுக்குவது ஆண். புல்லிலோ செடியிலோ இருந்து பதில் மினுக்குவது பெண். ஒவ்வொரு வகைக்கும் மினுக்கும் தாளம் வேறு, அதை வைத்துத் தன் இனத்தை அடையாளம் காண்கின்றன. கதையில் வானத்திலிருந்து வரும் நான்காவது மினுக்கைத் தோழன் என்று சொன்னது ஏமாற்று வேலையாகாதா என்று ஓர் அறிவியல் ஆசிரியை கேட்டார். “நான் இங்கே இருக்கிறேன், நீ யார்?” என்பதுதான் அந்த ஒளியின் பொருள். ஐந்து வயதில் அது தோழமை. மீதியைப் பள்ளிக்கூடப் புத்தகம் பார்த்துக்கொள்ளும்.

பல்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் பல்லி தின்றுவிடாதா? இதைக் கேட்டுவிட்டு அழுதே விட்டான்.

அவன் அழுததில் நியாயம் இருக்கிறது. முகப்பு விளக்கைச் சுற்றிப் பல்லி பூச்சி பிடிப்பதை அவன் தினமும் பார்க்கிறான். பல வகை மின்மினிகளின் உடலில் கசப்பும் நஞ்சும் உண்டு என்பதால் பல்லி போன்றவை பொதுவாக அவற்றை ஒதுக்கிவிடும். “பொட்டு கசக்கும், பாகற்காயைவிடக் கசக்கும், பல்லிக்குப் பிடிக்காது” என்று சொல்லுங்கள். அதே காரணத்தால் மின்மினியை யாரும் வாயில் போட்டுவிடக் கூடாது என்பதையும் பகலில் ஒருமுறை சொல்லிவையுங்கள்.

தூக்கணாங்குருவி தன் கூட்டில் மின்மினியை ஒட்டி விளக்கு ஏற்றும் என்று எங்கள் ஆயா சொல்வார்கள். அதைக் கதையில் சேர்த்தால் என்ன?

அந்தக் கதையைக் கேட்டுத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். தூக்கணாங்குருவி பாதி கட்டிய கூட்டின் உட்புறத்தில் ஈரக் களிமண்ணை அப்புவது உண்மை. அந்த மண்ணில் மின்மினியைப் பதித்துவைக்கிறது என்பது நம்பிக்கை. தனிக் கதையாகச் சொல்லுங்கள், தடையில்லை.

ஆனால் பொட்டின் கதைக்குள் அதைக் கொண்டுவராதீர்கள். மண்ணில் ஒட்டவைக்கப்பட்ட மின்மினி தானாக மினுக்கவில்லை, பிடித்துவைத்து மினுக்க வைக்கப்படுகிறது. முந்தைய ஒரு பதிலில் சொன்ன கூச்சக்காரப் பிள்ளையின் இடத்திலிருந்து நினைத்துப் பாருங்கள்: விருந்தாளி முன் இழுத்து நிறுத்திப் பாடச் சொல்வதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

நிஜப் பொட்டைக் காட்டு என்று அடம் பிடிக்கிறாள். எங்கள் தெருவில் மின்மினியையே காணோம்.

நம் பக்கம் வறண்ட சீமை. மின்மினிப் புழுவுக்கு ஈரமும், அது இரையாக உண்ணும் நத்தை போன்ற சிற்றுயிர்களும் வேண்டும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு, ஊருணிக் கரையிலோ கண்மாய்க்கரைப் புல்லிலோ, பொழுது சாய்ந்த முதல் ஒரு மணி நேரத்தில் தேடுங்கள். டார்ச்சு அடிக்காமல், கைப்பேசியை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும் வரை ஒரு கால் மணி நேரம் நில்லுங்கள். பாம்பு நடமாடும் இடம் என்பதால் புல்லுக்குள் இறங்காமல் பாதையில் நின்றே பாருங்கள்.

தெருவில் காணாமல் போனதற்கு மருந்தடிப்பும், புல் கரைகளைச் சிமெண்டால் பூசியதும் காரணமாக இருக்கலாம்; தெருவிளக்கும் ஒரு முக்கியக் காரணம். வெளிச்சம் நிறைந்த இடத்தில் ஆணின் மினுக்கு பெண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால் அவை இணை சேர்வது குறைகிறது. பல்பருகே பொட்டு மினுக்கினாலும் தெரியாது என்ற கதை வரி இந்த உண்மைதான். வாய்ப்பிருப்பவர்கள் ஆனைமலைப் பக்கம் போகலாம். அங்குள்ள புலிகள் காப்பகத்துக் காட்டில் 2022ஆம் ஆண்டு பெருந்திரளான மின்மினிகள் ஒரே தாளத்தில் மினுக்கியதை வனத்துறையினர் பதிவுசெய்தார்கள்.

ஒன்று கிடைத்தது. பாட்டிலில் போட்டுத் தலைமாட்டில் வைக்கட்டுமா என்கிறான்.

உள்ளங்கையில் ஏழு எண்ணும் நேரம் வைத்திருந்துவிட்டு விட்டுவிடட்டும். வளர்ந்த மின்மினி சில வாரங்களே உயிரோடிருக்கும். ஓர் இரவு பாட்டிலில் கழிந்தால் இணை தேடும் அதன் இரவுகளில் ஒன்று போய்விடும். காற்றும் ஈரமும் இல்லாத பாட்டிலில் விடியும் முன்பே இறக்கவும் கூடும். பிள்ளை காலையில் எழுந்து பார்ப்பது அதைத்தான்.

“பொட்டு செத்துப்போகுமா?” என்று விளக்கை அணைத்த பிறகு கேட்கிறாள். பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

இரவில், “இன்னிக்கு ராத்திரி பொட்டு ஊருணியில பறந்துக்கிட்டு இருக்கு” என்று சொல்லுங்கள். அது பொய்யில்லை, கதையில் எப்போதும் இன்றைய இரவுதான். பகலில் மறுபடி கேட்டால் முழு உண்மையையும் சொல்லலாம்: பெரிய மின்மினி சில வாரம் இருக்கும், முட்டையிடும், முட்டையிலிருந்து புழு வரும், அந்தப் புழுவும் மினுக்கும். சில வகைகளில் முட்டையே இலேசாக ஒளிர்வதுண்டு. பிள்ளைகளுக்கு இந்தக் கடைசிச் செய்தி மிகவும் பிடித்துவிடுவதால், பெரும்பாலும் கேள்வி அங்கிருந்து வேறு பக்கம் திரும்பிவிடுகிறது.

நாங்கள் சிங்கப்பூரில் பதினாறாவது மாடியில் இருக்கிறோம். முற்றம், வளவு எல்லாம் பேரனுக்குத் தெரியாது. மாற்றிச் சொல்லலாமா?

தாராளமாக மாற்றலாம், இரண்டை மட்டும் காப்பாற்றினால் போதும். பொட்டு ஒளிந்துகொள்ள ஒரு பெரிய வெளிச்சம் வேண்டும். அது மின்தூக்கி வாசல் விளக்காக இருக்கலாம். வெளியே போக ஒரு திறப்பு வேண்டும். அது சன்னலாக இருக்கலாம். கரண்டு போவது அவனுக்குப் பழக்கமில்லை என்றால், அப்பா வந்து விளக்கை அணைப்பதாகச் சொல்லுங்கள்.

காணொளி அழைப்பில் நீங்கள் இங்கிருந்தே சொல்வதாக இருந்தால் வளவை மாற்ற வேண்டியதில்லை. பகலில் ஒருமுறை கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு போய், முற்றத்தையும் மேலே உள்ள கம்பி வலையையும் பொட்டு ஒட்டிக்கொண்ட தூணையும் காட்டுங்கள். ஓர் அப்பத்தா அந்தத் தூணில் சாந்துப் பொட்டு ஒன்றை வைத்துக் காட்டினார்கள். கோடை விடுமுறைக்கு வந்த பேரன் செருப்பைக் கழற்றியதும் நேராக அந்தத் தூணுக்குத்தான் ஓடினானாம். இரவு கதை சொல்லும்போது மட்டும் திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்கட்டும். திரை வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கும் என்பது ஒருபுறம் இருக்க, பல்பு எரியும்போது இருட்டுக் கதை எடுபடாது.

கதை சொல்லும்போது இரவு விளக்கு எரியலாமா, முழுவதும் அணைக்க வேண்டுமா?

பிள்ளை கேட்டால் எரியட்டும். மங்கலாக, மஞ்சளாக, பிள்ளையின் கண்ணில் நேராகப் படாமல் காலடிப் பக்கம் இருக்கட்டும். சில வாரங்கள் கழித்து, உமையாள் எண்ணத் தொடங்கும் இடத்தில் அணைக்கலாமா என்று பிள்ளையையே கேளுங்கள். “நாளைக்கு” என்று பதில் வந்தால் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் கேளுங்கள். கதையில் தோழர்கள் செய்வதும் இதுதான்.

ஒரு மாதமாகச் சொல்கிறேன், பயம் போகவில்லையே?

கதை ஒரு கதைதான். ஐந்து வயதில் இருட்டுப் பயம் வருவது வளர்ச்சியின் ஒரு பகுதி. கற்பனை பெருகும் வயது அது, காணாததைக் காண்பதும் அந்த வயதில்தான். பெரும்பாலும் தானே குறையும். படுக்கும் நேரச் சண்டை குறைந்திருக்கிறதா, கூப்பிடும் தடவைகள் குறைந்திருக்கின்றனவா என்று பாருங்கள், அதுவே முன்னேற்றம். பகலிலும் தனியே அடுத்த கட்டுக்குப் போக மறுப்பது, பல வாரங்களாகத் தூக்கம் கெடுவது, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குவது, ஏதோ ஒரு குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ கண்டு அஞ்சுவது ஆகியவை இருந்தால், கதையை ஓரமாக வைத்துவிட்டுக் குழந்தைகள் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஏழோடு நிற்காமல் இவன் எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணிக்கொண்டே போகிறான். எங்கே நிறுத்துவது?

நிறுத்தாதீர்கள். எட்டு ஏன் வரவில்லை என்று அவன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அதற்கு அவசரமும் இல்லை. நீங்கள் மட்டும் ஏழோடு நிறுத்திக்கொண்டு, அவன் சொல்லும் ஒவ்வோர் எண்ணுக்கும் விரலால் மெல்லத் தொட்டுக்கொண்டிருங்கள். எண்கள் தாமே இடைவெளிவிட்டு வரும். என்னிடம் படித்த ஒரு பையன் நாற்பத்து மூன்று வரை போனானாம். மறுநாள் காலை வகுப்பு வாசலில் நின்று அவனே அதைச் சொன்னான்: “நாப்பத்து மூணுல அம்மா தூங்கிட்டாங்க, ஆச்சி.”